பென்சீனின் 2β: கணக்கு எங்கே தவறுகிறது, அந்த எண் எதைச் சொல்கிறது

1931-இல் எரிக் ஹியூக்கல் பென்சீனுக்குப் போட்ட கணக்கு இன்று கல்லூரி மாணவர் ஒருவர் அரைப்பக்கத்தில் முடிக்கக்கூடியது. ஆறு கார்பன்களிலும் வளையத் தளத்துக்குச் செங்குத்தாக ஒவ்வொரு p ஆர்பிட்டால் இருக்கிறது. அந்த ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் அணி எழுதுகிறோம். மூலைவிட்டத்தில் ஒரு தனி p ஆர்பிட்டாலில் இருக்கும் எலக்ட்ரானின் ஆற்றலான α, பிணைந்திருக்கும் அண்டைக் கார்பன்களுக்கு அவற்றின் ஆர்பிட்டால்களிடையேயான இடைவினை ஆற்றலான β, மற்ற எல்லா இடத்திலும் சுழியம். அணியின் ஐகன் மதிப்புகள்தான் எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்கள். ஆர்பிட்டால்களின் மேற்பொருந்துதலைச் சுழியமாகக் கொள்கிறோம். விதி இவ்வளவுதான். ஆனாலும் விடைத்தாள்களில் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்கல் நடக்கிறது.

முதல் சறுக்கல் அணியின் மூலையில். α-வைச் சுழியமாகவும் β-வை அலகாகவும் வைத்தால் பென்சீனின் அணி இப்படி இருக்க வேண்டும்:

```
0 1 0 0 0 1
1 0 1 0 0 0
0 1 0 1 0 0
0 0 1 0 1 0
0 0 0 1 0 1
1 0 0 0 1 0
```

முதல் வரிசையின் கடைசியிலும், கடைசி வரிசையின் முதலிலும் உள்ள அந்த இரண்டு 1-களை விட்டுவிடுபவர்கள் பலர். மூலைவிட்டத்தை ஒட்டிய இடங்களை நிரப்பியதும் வேலை முடிந்தது போலத் தோன்றிவிடுகிறது. ஆனால் முதல் கார்பன் ஆறாவது கார்பனோடும் பிணைந்திருக்கிறது. அதை விட்டால் வளையம் திறந்துகொள்ளும். நீங்கள் தீர்ப்பது பென்சீனை அல்ல, நேர்ச்சங்கிலியான ஹெக்ஸாட்ரையீனை. விடையாக 2, 1, 1, −1, −1, −2 வருவதற்குப் பதில் ±1.802, ±1.247, ±0.445 வரும். கணினி பிழை எதுவும் காட்டாது, ஏனென்றால் இதுவும் முறையான ஒரு மூலக்கூறின் விடைதான்.

இதைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. ஐகன் மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டினால் பிணைப்புகளின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு கிடைக்க வேண்டும். பென்சீனில் 4+1+1+1+1+4 = 12, அதாவது ஆறு பிணைப்பு. 10 வந்தால் ஒரு பிணைப்பு விடுபட்டிருக்கிறது.

அடுத்தது குறி. β எதிர்ம எண். ஆகவே α+2β-தான் மிகத் தாழ்ந்த ஆற்றல். பெரிய எண் தெரிகிறதே என்று அதை மேல்மட்டத்தில் வரைந்துவிடக் கூடாது. நிரலில் கணக்கிடும்போது −1 என்றே கொடுப்பது பாதுகாப்பு:

```python
import numpy as np
n = 6
H = np.zeros((n, n))
for i in range(n):
    j = (i + 1) % n
    H[i, j] = H[j, i] = -1
e = np.linalg.eigvalsh(H)
print(e.round(3), 2 * e[:3].sum())
```

`% n` என்பதுதான் வளையத்தை மூடுகிறது. கடைசியில் −8 வரும், அலகு |β|. இங்கே −1-க்குப் பதில் 1 போட்டாலும் பென்சீனுக்கு அதே −8 வந்துவிடும், ஏனென்றால் அதன் மட்டங்கள் α-வுக்கு மேலும் கீழும் சமச்சீராக அமைந்தவை. அதனால் தவறு வெளியே தெரியாது. ஐந்து கார்பன் கொண்ட சைக்ளோபென்டாடையீனைல் எதிரயனிக்குப் போட்டுப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும்: சரியான குறியில் ஆறு எலக்ட்ரான்களுக்கு −6.472, தவறான குறியில் −5.236. பென்சீனில் சரியாக வந்ததாலேயே நிரல் சரி என்று நம்பக் கூடாது.

ஆறு மட்டங்களையும் அப்படியே கூட்டினால் சுழியம்தான் வரும். எலக்ட்ரான்களைக் கீழிருந்து நிரப்ப வேண்டும்: α+2β-இல் இரண்டு, சம ஆற்றலுள்ள இரண்டு α+β மட்டங்களில் நான்கு. மொத்தம் 2(α+2β) + 4(α+β) = 6α+8β.

இனிதான் உண்மையான குழப்பம். உள்ளடங்காமை ஆற்றல், அதாவது டீலோக்கலைசேஷன் ஆற்றல், 8β அல்ல. 8β என்பது ஆறு எலக்ட்ரான்களும் தனித்தனி கார்பனில் பிணைப்பே இல்லாமல் இருந்திருந்தால் என்ற நிலையோடு ஒப்பிட்டது. நமக்கு வேண்டியதோ, மூன்று இரட்டைப் பிணைப்புகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்திருந்தால் என்ற ஒப்பீடு. எத்திலீனின் அணியில் கீழ்மட்டம் α+β. இரண்டு எலக்ட்ரானுக்கு 2α+2β. மூன்று எத்திலீனுக்கு 6α+6β. கழித்தால் 2β மிஞ்சுகிறது. ஒப்பீட்டை மாற்றினால் எண்ணும் மாறும் என்பதை மறக்கவே கூடாது.

இந்த 2β எங்கிருந்து வருகிறது? ஒரு பிணைப்பில் பை பிணைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவான பிணைப்புத் தரத்தைப் பார்த்தால் கண்முன் தெரியும். மொத்த பை ஆற்றல் என்பது 6α-வோடு, எல்லாப் பிணைப்புகளின் பை பிணைப்புத் தரத்தின் கூட்டுத்தொகையை 2β-ஆல் பெருக்கிச் சேர்த்தது. தனித்த மூன்று இரட்டைப் பிணைப்புகளில் தரம் ஒவ்வொன்றிலும் 1, கூட்டினால் 3. பென்சீனில் ஒரு பிணைப்பின் தரம் 2/3 ஆகக் குறைகிறது. ஆனால் அப்படி ஆறு பிணைப்புகள் இருப்பதால் கூட்டுத்தொகை 4. ஒவ்வொரு பிணைப்பும் சற்று இழக்க, மூலக்கூறு மொத்தமாகப் பெறுகிறது. உள்ளடங்காமையின் பொருள் இதுதான். எலக்ட்ரான்கள் ‘ஓடிக்கொண்டிருக்கின்றன’ என்பது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

முன்பு தவறாக வந்த ஹெக்ஸாட்ரையீன் இப்போது உதவிக்கு வருகிறது. அதன் மொத்தம் 6α+6.988β. அதாவது வளையமே இல்லாத சங்கிலிக்கும் 0.988β உள்ளடங்காமை ஆற்றல் உண்டு. எனவே அந்த ஆற்றல் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு மூலக்கூறை அரோமேட்டிக் என்று சொல்லிவிட முடியாது. பென்சீனின் 2β-இல் ஏறக்குறைய பாதி சங்கிலி இணைவுக்கே கிடைப்பது. வளையம் மூடியதால் கூடுதலாகக் கிடைப்பது 1.012β. சைக்ளோபியூட்டாடையீனிலோ மொத்தம் 4α+4β, இரண்டு எத்திலீனுக்குச் சமம்; உள்ளடங்காமை ஆற்றல் சுழியம். திறந்த பியூட்டாடையீனுக்கு 0.472β இருக்கிறது, வளையமாக மூடியதும் அதுவும் போய்விடுகிறது.

இன்னொரு பொறி தற்செயலானது. நிரம்பிய உச்ச மட்டத்துக்கும் (α+β) காலியான அடிமட்டத்துக்கும் (α−β) உள்ள இடைவெளியும் 2|β|-தான். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று எழுதுகிறார்கள். ஒன்று கிளர்வுக்கானது, மற்றது நிலைப்புத்தன்மைக்கானது. ஹெக்ஸாட்ரையீனில் இவை 0.890, 0.988 எனப் பிரிந்துவிடும்.

கிலோஜூலுக்கு மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். சைக்ளோஹெக்சீனை ஹைட்ரஜனேற்றினால் மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெளிவரும். மூன்று மடங்கு 360. பென்சீனில் அளந்தது ஏறக்குறைய 208. வேறுபாடான 150-ஐ 2|β|-க்குச் சமமாக்கினால் |β| சுமார் 75 கிலோஜூல். ஆனால் பென்சீன் 255 நானோமீட்டர் அருகே உறிஞ்சும் ஒளியை வைத்து அதே 2|β|-ஐக் கணக்கிட்டால் |β| 235 வரை போகிறது, மூன்று மடங்கு. எலக்ட்ரான்களிடையே உள்ள விலக்கத்தை இந்த எளிய அணி தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் ஒரு அளவீட்டில் பொருத்திய β-வை வேறொரு வகை அளவீட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

ஒரே வகை அளவீட்டுக்குள்ளும் பொருத்தம் கச்சிதமில்லை. 75-ஐ வைத்தால் பியூட்டாடையீனுக்கு 35 கிலோஜூல் வர வேண்டும். ஹைட்ரஜனேற்ற வெப்பத்திலிருந்து கிடைப்பது 15 அளவுதான். பிணைப்பு நீளங்கள் மாறுவதற்கான செலவு ஒரு காரணம். கற்பனையான மூன்று இரட்டைப் பிணைப்பு வளையத்தில் நீளமும் குட்டையுமாக இருக்க வேண்டிய பிணைப்புகள், பென்சீனில் எல்லாமே சுமார் 1.40 ஆங்ஸ்ட்ராமுக்கு வந்துவிடுகின்றன. அந்த இழுப்பும் அழுத்தமும் அளந்த 150-க்குள் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கின்றன. அணியின் 2β-இல் அவை இல்லை. ஆகவே விடையை 2β என்றே எழுதுங்கள். கிலோஜூல் கேட்டால், எந்த அளவீட்டிலிருந்து எடுத்த β என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.