ஆக்சாலிக் அமிலத்தைத் தரம் பார்க்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் pH கணக்கிடுவது எப்படி?

இருகாரத்துவ அமிலம் இரண்டு படிகளில் பிரிகை அடைகிறது என்பதைப் பாடமாகப் படித்தவர்களுக்கும், ப்யூரெட்டிலிருந்து காரம் சொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் குடுவைக்குள் எந்த அயனி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் தயக்கம் வந்துவிடுகிறது. எனக்கும் அந்தத் தயக்கம் நெடுநாள் இருந்தது. முதல் சமான நிலையில் என் கணக்கும் pH மீட்டரும் ஒத்துப்போகாததால் இரண்டு நாள் செலவழித்த பிறகுதான் இது தெளிந்தது. மேனிலைப் பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் கையாளும் ஆக்சாலிக் அமிலத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கரைசலும் மாறிலிகளும்

இரு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஆக்சாலிக் அமிலப் படிகத்தை (மோலார் நிறை 126.07) 1.576 கிராம் எடை போட்டு, 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்தால் 0.05 M கரைசல் கிடைக்கும். அதில் 20 மி.லி.யைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவைக்கு மாற்றி, ப்யூரெட்டில் 0.1 M சோடியம் ஹைட்ராக்சைடை நிரப்புங்கள். அமிலம் நச்சுத்தன்மை உடையது. பிப்பெட்டை வாயால் உறிஞ்ச வேண்டாம், ரப்பர் குமிழைப் பயன்படுத்துங்கள்.

அமிலத்தை H₂A என்று குறித்தால், 25 °C-இல் அதன் இரு படிகளும் இவை:

```
H₂A ⇌ H⁺ + HA⁻     K₁ = 5.6 × 10⁻²
HA⁻ ⇌ H⁺ + A²⁻     K₂ = 5.4 × 10⁻⁵
```

எதிர்மின்சுமை ஏற்கெனவே பெற்றுவிட்ட HA⁻ அயனியிலிருந்து இன்னொரு H⁺-ஐப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் K₂ ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சிறியதாக இருக்கிறது. இந்த ஆயிரம் மடங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

படி 2: காரம் சேர்க்கும் முன்

வலிமை குறைந்த அமிலத்துக்கு நாம் வழக்கமாகப் போடும் √(K₁C) என்ற சூத்திரத்தை இங்கே போட்டால் [H⁺] = 0.053 M என்று வரும். ஆனால் அமிலத்தின் மொத்தச் செறிவே 0.05 M-தான்; முதல் படி அதற்கு மேல் H⁺ தர முடியாது. பிரிகை அடைந்த பங்கு சிறியது என்ற அனுமானம் இங்கே பொருந்தவில்லை என்பதை இந்த விடையே காட்டிவிடுகிறது. ஆகவே x² ÷ (0.05 − x) = 0.056 என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். x = 0.0319, அதாவது pH 1.50. குடுவையில் இப்போது HA⁻ சுமார் 64 விழுக்காடும், பிரியாத H₂A சுமார் 36 விழுக்காடும் இருக்கின்றன. A²⁻-இன் செறிவு K₂-க்கு ஏறக்குறையச் சமமாக, 5 × 10⁻⁵ M அளவில், புறக்கணிக்கத்தக்கதாக நிற்கிறது.

படி 3: முதல் சமான நிலை (10 மி.லி.)

நான் தடுமாறிய இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 10 மி.லி. காரம் சேர்ந்ததும் அமிலம் முழுவதும் NaHA ஆகிவிட்டது என்று எழுதுகிறோம். HA⁻-இன் செறிவு 1 மில்லிமோல் ÷ 30 மி.லி. = 0.0333 M. இத்தகைய ஈரியல்பு அயனிக்கு pH = (pK₁ + pK₂) ÷ 2 என்ற எளிய சூத்திரம் உண்டு. அதன்படி (1.25 + 4.27) ÷ 2 = 2.76. என் மீட்டரோ 2.9 காட்டியது. மீட்டர்தான் தவறு என்று எண்ணி, தாங்கல் கரைசல்களைக் கொண்டு மீண்டும் மீண்டும் அளவீட்டைச் சரிசெய்தேன். பிழை மீட்டரில் இல்லை.

அந்த எளிய சூத்திரம், HA⁻-இன் செறிவு K₁-ஐ விடப் பல மடங்கு பெரியதாக இருக்கும்போது மட்டுமே சரி. இங்கே செறிவு 0.033, K₁ 0.056, நிபந்தனை தலைகீழாக இருக்கிறது. H₂A வலிமையான அமிலமாக இருப்பதால், HA⁻ தன் H⁺-ஐ இழந்து A²⁻ ஆகும் அளவுக்கு, H⁺-ஐ ஏற்று H₂A ஆவதில்லை. அந்தச் சமமின்மையைக் கணக்கில் கொள்ளும் சூத்திரம் இது:

```
[H⁺] = √( K₁K₂C / (K₁ + C) )
```

இதில் C = 0.0333 என்று போட்டால் [H⁺] = 1.06 × 10⁻³, pH 2.97. HA⁻-இல் ஒரு சிறு பகுதி மாறிவிட்டதையும் திருத்தினால் 2.98. மீட்டரின் 2.9-க்கும் இதற்கும் எஞ்சியுள்ள சிறு வேறுபாடு, கரைசலில் உள்ள அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் மாறிலிகளின் செயல்மதிப்பு சற்று உயர்வதால் வருவது. அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சமான நிலை என்ற பெயர் இருந்தாலும் இங்கே HA⁻ மட்டுமே இருப்பதில்லை: அது சுமார் 93 விழுக்காடு, A²⁻ சுமார் 5, H₂A சுமார் 2 விழுக்காடு.

படி 4: 15 மி.லி.

HA⁻-இல் பாதி A²⁻ ஆகிவிட்டது. இரண்டும் சம அளவில் இருப்பதால் pH = pK₂ = 4.27. இது தாங்கல் பகுதி. சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாலும் pH மெதுவாகவே நகரும்.

படி 5: இரண்டாம் சமான நிலை (20 மி.லி.)

இப்போது 40 மி.லி. கரைசலில் A²⁻ 0.025 M. அது நீரிலிருந்து H⁺-ஐ ஏற்று OH⁻-ஐ விடுவிக்கிறது. K_b = 10⁻¹⁴ ÷ K₂ = 1.85 × 10⁻¹⁰; [OH⁻] = √(1.85 × 10⁻¹⁰ × 0.025) = 2.15 × 10⁻⁶. ஆகவே pH 8.33. இங்கே K₁-ஐ நுழைப்பது தொடக்கநிலை மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. A²⁻-க்கு இணையான அமிலம் HA⁻ என்பதால் K₂ மட்டுமே வரும்.

கணிப்பானை விட விரிதாள்

ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிச் சூத்திரம் தேடுவதை நான் விட்டுவிட்டேன். காரத்தின் அளவைத் தந்து pH-ஐக் கண்டுபிடிப்பது கடினம். pH-ஐத் தந்து காரத்தின் அளவைக் கண்டுபிடிப்பது மிக எளிது. A2-இல் pH-ஐ எழுதி, B2, C2, D2 கட்டங்களில் முறையே இவற்றை இடுங்கள்:

```
=10^(-A2)
=(0.056*B2+2*0.056*5.4E-5)/(B2^2+0.056*B2+0.056*5.4E-5)
=20*(0.05*C2-B2+1E-14/B2)/(0.1+B2-1E-14/B2)
```

D2-இல் வருவது மி.லி. கணக்கில் காரத்தின் அளவு. A2-இல் 2.98 என்று இட்டால் 9.99 கிடைக்கிறது, அந்த ஒரு வரிசை சரியாக வந்தால் தட்டச்சுப் பிழை இல்லை என்று கொள்ளலாம்.

பின்சேர்க்கை

இரண்டு சமான நிலைகள் இருந்தும் மெத்தில் ஆரஞ்சைப் போட்டு முதலாவதைப் பிடிக்க முடியாதது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மேலே சொன்ன விரிதாளே விடை தருகிறது. 9 மி.லி.யிலிருந்து 11 மி.லி. வரை pH 2.58-லிருந்து 3.40-க்கு மட்டுமே ஏறுகிறது. செங்குத்தான ஏற்றம் அங்கே இல்லை. K₁ ÷ K₂ சுமார் பத்தாயிரம் மடங்காவது இருந்தால்தான் முதல் ஏற்றம் தெளிவாகத் தெரியும், நமக்கு இருப்பதோ ஆயிரம். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையே, பல மி.லி. காரம் சேரும் வரை, நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாக 19.9 மி.லி.யில் 6.26 ஆக இருக்கும் pH, 20.1 மி.லி.யில் 10.40 ஆகிவிடுகிறது, ஃபினாப்தலீன் நிறம் மாறத் தொடங்கும் 8.3 அந்த ஏற்றத்துக்குள்ளேயே விழுகிறது.

இன்னொருவருக்கு வெளிர் இளஞ்சிவப்பு தோன்றிச் சற்று நேரத்தில் மறைந்துவிட்டது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து pH-ஐ மீண்டும் 8.3-க்குக் கீழே இறக்குவதே காரணம். குடுவையைச் சுழற்றிய பின் அரை நிமிடம் நிறம் நிலைத்தால் அதையே முடிவுநிலையாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மறைந்தாலும் மேலும் காரம் சேர்க்க வேண்டாம்.