வீட்டில் போக்கர்: ஆட்டம் நேரத்துக்கு முடியாமல் போவது எதனால்?

வீட்டில் டெக்சாஸ் ஹோல்டம் டோர்னமென்ட் வைக்கும் புதியவர்கள், ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாகப் போடும் பிளைண்ட் பந்தயம் லெவல் லெவலாக ஏறும் அட்டவணையை முதல் லெவலிலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள். அப்படி எழுதிய அட்டவணைக்கு எங்கே முடிவது என்றே தெரியாது. பதினொரு மணிக்கு ஐந்து பேர் இன்னும் உட்கார்ந்திருப்பார்கள், வெளியேறிய மூன்று பேர் சோபாவில் தூங்கி வழிவார்கள்.

பெரிய தவறு: முடிவைக் கணக்கிடாமல் சிப் கொடுப்பது

மேசையில் உள்ள மொத்த சிப்பை 20-ஆல் வகுத்துப் பாருங்கள். பிளைண்ட் இரண்டில் பெரியதான பிக் பிளைண்ட் அந்த அளவை எட்டும்போது ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். அப்போது மொத்தச் சிப்பே 20 பிக் பிளைண்ட்தான். இருவர் மிஞ்சியிருந்தால் சராசரியாக ஆளுக்குப் பத்து. அந்த நிலையில் யாரும் வெகுநேரம் காத்திருக்க முடியாது, சீக்கிரமே ஒருவர் கையிலுள்ள சிப் முழுவதையும் வைத்து ஆல்-இன் போயாக வேண்டும்.

எட்டுப் பேர், ஆளுக்கு 5,000 சிப் என்று வையுங்கள். மொத்தம் 40,000, அப்படியானால் கடைசி லெவல் 1000/2000, அதாவது ஸ்மால் பிளைண்ட் 1000, பிக் பிளைண்ட் 2000. அங்கிருந்து பின்னோக்கி எழுதினால் எனக்குக் கிடைப்பது இது: 25/50, 50/100, 75/150, 100/200, இடைவேளை, 200/400, 300/600, 400/800, 500/1000, 700/1400, 1000/2000. பத்து லெவல், ஒவ்வொன்றும் 20 நிமிடம், இடைவேளை 10 நிமிடம். ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்தரைக்கு முடியும்.

இப்போது எனக்கு எரிச்சல் வரும் இடத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் இதே அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு, "சிப் நிறைய இருந்தால்தானே ஆட்டம் சுவாரசியமா இருக்கும்" என்று ஆளுக்கு 20,000 கொடுத்தார்கள். அதாவது தொடக்கத்தில் ஆளுக்கு 400 பிக் பிளைண்ட்! முதல் ஒரு மணி நேரத்தில் யாருக்கும் எந்த நெருக்கடியும் இல்லை. மொத்தம் 1,60,000 என்பதால் 8,000 பிக் பிளைண்டில்தான் ஆட்டம் முடியும். 1500/3000, 2000/4000, 3000/6000, 4000/8000 என்று இன்னும் நான்கு லெவல், கூடுதலாக 80 நிமிடம். பத்தரைக்கு ஐந்து பேர் மீதி, சராசரியாக ஆளுக்கு 16 பிக் பிளைண்ட். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, ஒரே தாவலாக 4000/8000 என்று அறிவித்தார். நொடியில் எல்லோரும் நான்கு பிக் பிளைண்டில் நிற்கிறார்கள். மூன்றரை மணி நேரம் பொறுமையாக ஆடிச் சேர்த்ததெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் போகும் நாலைந்து கையில் கரைந்தது. ஆடியவர்களுக்குச் செய்த அநியாயம் அது.

நேரம் குறைவு என்று தெரிந்தால் நடுவில் பிளைண்டைத் தாவ விடாதீர்கள். மீதமுள்ள லெவல்களை 20-இலிருந்து 15 நிமிடமாக்குங்கள், அதையும் இடைவேளையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எட்டுப் பேர் மேசையில் டீலர் பட்டன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதனால் மேசை நிறைந்திருக்கும்போது லெவலை ரொம்பச் சுருக்கினால், பிளைண்டு ஏறும் நேரத்தில் யார் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்ற அதிர்ஷ்டமே ஆட்டத்தைத் தீர்மானிக்கும்.

ரீ-பை கணக்கில் வராமல் போவது

சிப் தீர்ந்தவர் மறுபடி காசு கட்டிச் சிப் வாங்குவதுதான் ரீ-பை. ஒவ்வொரு ரீ-பையும் மேசையில் 5,000 சிப்பைக் கூட்டுகிறது. நான்கு பேர் மறுபடி வாங்கினால் மொத்தம் 60,000, முடிவு 1500/3000-க்குத் தள்ளிப்போகும். நான்கு ரீ-பை வரும் என்று முன்பே எதிர்பார்த்தால் லெவலை 18 நிமிடமாக வையுங்கள். பதினொரு லெவலும் இடைவேளையும் சேர்ந்து அதே மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும். இடைவேளைக்கு அப்புறம் ரீ-பை கிடையாது. "கடைசியா ஒரே ஒருமுறை" என்று கேட்பவர் எவ்வளவு நெருக்கமானவர் என்றாலும்.

பை-இன்

ஆட்டத்தில் சேரக் கட்டும் பணம் இழந்தாலும் முகம் வாடாத தொகையாக இருக்கட்டும், எல்லோருக்கும் ஒரே அளவு. காசு வைத்து ஆடச் சட்டம் இடம் தராத ஊரில் சும்மா ஆடுங்கள்.

சிப்பை ஒரே மதிப்பில் குவிப்பது

5,000-ஐ ஐந்து ஆயிரமாகக் கொடுத்தால் முதல் அரைமணி நேரம் சில்லறை மாற்றுவதிலேயே போகும். 25-இல் எட்டு, 100-இல் எட்டு, 500-இல் நாலு, 1000-இல் இரண்டு கொடுங்கள். ஆளுக்கு 22 சிப்தான், எண்ணவும் எளிது.

200/400 வந்ததும் 25-க்கு வேலை இல்லை. இடைவேளையில் அவற்றை வாங்கிக்கொண்டு 100-ஆக மாற்றித் தாருங்கள். எட்டுப் பேரிடமும் சேர்த்து 25-இல் 64 சிப் இருப்பதால் 100-இல் குறைந்தது 16 தனியாக வைத்திருக்க வேண்டும். ஒருவரிடம் உதிரியாக ஒன்றிரண்டு மிஞ்சினால் அதற்கும் ஒரு 100 கொடுத்துவிடுங்கள், அதற்காக இன்னும் சிலவற்றைக் கையிருப்பில் வையுங்கள். மாற்றாமல் விட்டால், ஒருவர் 25-ஆகவே எண்ணி 600 கட்டி முடிப்பதற்குள் ஒரு கை ஆடி முடித்திருக்கலாம்.