பழுதுச் செலவை வாடகையில் கழிக்கும் கடிதம்: எழுதும் முறை

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதியில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஜூன் மாத மழை வந்தால் ஒழுகல் கவலையும் சேர்ந்து வரும். வீட்டுக்காரர் பாலக்காட்டிலோ வெளிநாட்டிலோ இருப்பார். பொறுத்துப் பார்த்துவிட்டு நாமே ஆள் வைத்துச் சரிசெய்து, அந்தத் தொகையை அடுத்த மாத வாடகையில் குறைத்துக்கொள்கிறோம். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வரிசை தவறினால், செலவு செய்தவரே வாடகைப் பாக்கிக்காரர் ஆகிவிடுவார்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108(f) சொல்வது இதுதான்: வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்த பின்னும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாமல் விட்டால், வாடகைதாரர் தாமே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். ஆகவே முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை முடித்துவிட்டு எழுதும் கடிதத்துக்கு இந்தப் பிரிவு துணை நிற்காது.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ‘எல்லாப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு’ என்று அதில் எழுதியிருந்தால், அதுவே செல்லும். பிரிவு 108 வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாத இடத்தில்தான் பொருந்தும். அப்படி எதுவும் எழுதவில்லை என்றாலும் கூரை ஒழுகல் வேறு, புதிதாகச் சீலிங் போடுவது வேறு. இரண்டாவது மேம்பாடு, அதைக் கழிக்க முயல வேண்டாம்.

அடுத்து, முன்னறிவிப்பு. ஒழுகும் இடத்தைப் படம் எடுத்து, தேதி தெரியும்படி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இந்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நானே செய்து வாடகையில் கழிக்க நேரிடும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் சாட்சிக்கு நிற்காது. எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதைப் பழுதின் தன்மையே தீர்மானிக்கும்: மழைக்காலக் கூரைக்கு இரண்டு வாரம் பொறுத்தாலே அதிகம், பெயிண்ட் உதிர்வதற்கு அது போதாது.

வேலை நடக்கும்போது ஓடுகளைத் தாங்கும் பழுதான ரீப்பர் கட்டைகளையும் உடைந்த ஓடுகளையும் படம் எடுத்து வையுங்கள். பொருளுக்குப் பில், ஆசாரிக்குக் கொடுத்த கூலிக்குக் கையொப்பமிட்ட ரசீது, இரண்டும் வேண்டும். கூலி ரசீதைத்தான் பலரும் வாங்குவதில்லை; செலவில் கணிசமான பங்கு அதுவாகவே இருக்கும்.

இப்போது கடிதம். மாத வாடகை 7,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி செலுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

“மதிப்பிற்குரிய ஐயா,
தங்கள் வீட்டின் சமையலறைக் கூரை ஒழுகுவது பற்றி ஜூன் 6 அன்று படங்களுடன் தெரிவித்து, ஜூன் 20-க்குள் சரிசெய்யக் கேட்டிருந்தேன். அதற்குள் வேலை நடக்கவில்லை. எனவே ஜூன் 22 அன்று நானே சரிசெய்தேன். ஓடு 1,400 ரூபாய், ரீப்பர் 1,150 ரூபாய், கூலி 1,950 ரூபாய், மொத்தம் 4,500 ரூபாய். பில், ரசீது நகல்களும் படங்களும் இணைத்துள்ளேன். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 108(f)-இன்படி இத்தொகையை ஜூலை வாடகையில் கழித்து, மீதி 2,500 ரூபாயை ஜூலை 5 அன்று தங்கள் கணக்கில் செலுத்துவேன். ஆகஸ்ட் முதல் முழு வாடகை செலுத்துவேன். கணக்கில் ஐயம் இருந்தால் ஜூலை 1-க்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

இதில் கோபமோ பழங்கதையோ இல்லை என்பதைக் கவனியுங்கள். அட்வான்ஸ் தொகையைப் பற்றியும் பேச்சில்லை. அதைக் கலந்தால் கணக்கு குழம்பும். நம் பகுதியில் வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்கமாட்டார்கள். அப்படியானால் கடிதத்தை மலையாளத்தில் எழுதுவித்துக் கையொப்பமிடுங்கள். புரியவில்லை என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம்.

பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்பீடு போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். அதே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். மீதி 2,500 ரூபாயைச் சொன்ன நாளில் வங்கி வழியாகவே செலுத்துங்கள்; கையில் கொடுக்க வேண்டாம். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

செலவு ஒரு மாத வாடகையைத் தாண்டினால், ஒரேயடியாக வாடகையை நிறுத்தாமல் இரண்டு மூன்று மாதங்களில் பிரித்துக் கழிப்பதாக எழுதுவது நல்லது.

வீட்டுக்காரர் எழுத்தில் மறுத்துவிட்டால்? அப்போது நான் சொல்வது ஒன்றுதான்: கழிக்காதீர்கள். கேரளத்தின் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் இடங்களில் வாடகைப் பாக்கி வெளியேற்றத்துக்கு ஒரு காரணம். 4,500 ரூபாய்க்காக அந்த வழக்கைத் தேடிக்கொள்ள வேண்டாம். ‘உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்’ என்று எழுதி முழு வாடகையையும் கட்டுங்கள். கழிக்காவிட்டாலும் செலவை வேறு வழியில் வசூலிக்கலாம் என்று அதே 108(f) சொல்கிறது. பில்களும் ஒப்புகையும் கையில் இருந்தால் வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பி அதைக் கேட்கலாம்.