பிள்ளை பெற்றபின் முடி கொட்டுகிறதா? மாதக் கணக்கும் தலைக்குக் குளிக்கும் முறையும்

பிரசவம் முடிந்து மூன்று மாதம் வரை முடி அடர்த்தியாகவே இருக்கும். பிறகு திடீரென்று ஒருநாள் குளியலறை வடிகாலை அடைக்கும் அளவுக்குக் கொத்தாக வரும். பயந்துபோய் ஷாம்பூவை மாற்றுவார்கள், எண்ணெயை மாற்றுவார்கள், சிலர் தாய்ப்பாலையே நிறுத்தப் பார்ப்பார்கள். இது எதுவுமே தேவையில்லை. கொட்டுவதற்குக் காரணம் ஷாம்பூவும் இல்லை, தாய்ப்பாலும் இல்லை.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருப்பதால், வழக்கமாக உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் வளர்ந்துகொண்டே இருக்கும். பிள்ளை பிறந்ததும் ஹார்மோன் சட்டென்று இறங்கிவிடும். அதுவரை தங்கியிருந்த முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போகும். ஓய்வு நிலைக்குப் போன முடி உடனே விழாது, ஏறக்குறைய மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டுத்தான் விழும். ஆக, இன்று சீப்பில் வரும் முடி பிரசவத்தை ஒட்டியே வேரை விட்டுவிட்ட முடி. அதைப் பிடித்து நிறுத்தும் எண்ணெய் எதுவும் கிடையாது. மருத்துவர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். நம் கையில் இருப்பது மீதமுள்ள முடி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

மாதக் கணக்கு

பிப்ரவரி 1ஆம் தேதி பிள்ளை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் கடைசி அல்லது மே மாதத்தில் கொட்டத் தொடங்கும். ஜூன் தொடக்கத்தில், அதாவது நான்காம் மாதத்தை ஒட்டி, உச்சத்துக்குப் போகும். 16 வார மகப்பேறு விடுப்பு மே கடைசி வாரத்தில் முடிவதால், சிங்கப்பூரில் பலருக்கு வேலைக்குத் திரும்பும் நேரமும் இதுவும் ஒன்றாக வந்துவிடும். வேலைக்குப் போன கவலையில்தான் கொட்டுகிறது என்று தோன்றும். விடுப்பை நீட்டியிருந்தாலும் அந்த மாதத்தில் கொட்டியிருக்கும்.

ஆகஸ்டுக்குப் பிறகு மெல்லக் குறையும். அடுத்த பிப்ரவரிக்குள் பெரும்பாலோருக்குப் பழைய அடர்த்தி திரும்பிவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும் என்பதால், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் நெற்றியோரத்தில் மூன்று நான்கு செ.மீ. நீளத்தில் குட்டி முடிகள் குத்திட்டு நிற்கும். அறுந்த முடி என்று நினைத்து அதைக் கத்தரிக்க வேண்டாம், அது புதிதாக முளைத்தது.

முதலில், விழுந்த முடியைப் பாருங்கள்

சீப்பிலிருந்து நாலைந்து முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்த முடி. வேரே போய்விட்டது என்று பலர் பதறுவது இந்தக் குமிழைப் பார்த்துத்தான். வேர்க்குழி தலைத்தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. குமிழ் இல்லாமல், நீளமும் குறைவாக இருந்தால் அது நடுவில் அறுந்த முடி. அதைத்தான் கீழே சொல்லும் முறையால் தடுக்க முடியும்.

தலைக்குக் குளிக்கும் நாள்

கொட்டுகிறதே என்று குளிப்பதைத் தள்ளிப்போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி வரை எவருக்கும் உதிரும். பின்னிய தலையில் அது வெளியே விழாமல் சிக்கிக்கொண்டிருக்கும். ஐந்து நாள் கழித்துக் குளித்தால் ஐந்து நாள் முடியும் ஒன்றாக வந்து பயமுறுத்தும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் வேர்வையும் எண்ணெயும் சேர்ந்து பொடுகும் அரிப்பும் வேறு வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை குளிப்பது பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும்.

குளிக்கப் போகுமுன், முடி காய்ந்திருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். நுனியில் தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாக மேலே வாருங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே ஒரு முடிச்சாக இறுகி, நல்ல முடியும் அறுந்துவிடும். எண்ணெய் வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்தில் மட்டும் தடவி அரைமணி நேரம் விடுங்கள். பொடுகு இருப்பவர்கள் தலைத்தோலில் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டால் பொடுகுதான் கூடும்.

ஷாம்பூ ஒரு வெள்ளி நாணயம் அளவு போதும். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கலக்கி, நகம் படாமல் விரல் நுனியால் தலைத்தோலில் மட்டும் தேய்க்கவும். அலசும்போது வழியும் நுரையே நீள முடியைச் சுத்தம் செய்துவிடும். துணி துவைப்பதுபோல் முடியை உச்சியில் குவித்துக் கசக்க வேண்டாம். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே உள்ள முடியில் தடவி இரண்டு நிமிடம் கழித்து அலசுங்கள்.

ஈர முடி இழுத்தால் நீண்டு, எளிதில் அறும். அதனால் துண்டால் உதறாமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுத்து, விசிறிக்குக் கீழே காயவிடுங்கள். பிள்ளை அழுகிறது என்று ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போடுவது நெற்றியோர முடியைத்தான் முதலில் இழுக்கும். ஏற்கெனவே அங்கேதான் அதிகம் கொட்டியிருக்கும். தளர்வான பின்னலோ கிளிப்போ போதும்.

பிள்ளையின் விரல்களைப் பாருங்கள்

இந்த மாதங்களில் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான். உதிர்ந்த முடி பிள்ளையின் கால்விரலில் சுற்றிக்கொண்டு இறுகிவிடலாம். காலுறை, கையுறைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உதறிவிட்டுப் போடுங்கள். காரணம் தெரியாமல் பிள்ளை அழுதால் கை கால் விரல் ஒவ்வொன்றையும், ஆண் பிள்ளையாக இருந்தால் ஆணுறுப்பையும் பாருங்கள். முடி தளர்வாகத் தெரிந்தால் மெல்லப் பிரித்து எடுத்துவிடலாம். விரல் சிவந்து வீங்கி, முடி தோலுக்குள் புதைந்திருந்தால் வீட்டில் கத்தரிக்கோல் வைக்காமல் கேகே மருத்துவமனை போன்ற இடத்தின் குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

தலை முழுவதும் ஒரே சீராக மெலிந்தால் காத்திருக்கலாம். நாணயம் போல வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து செதில் உதிர்ந்தாலோ, ஓராண்டு தாண்டியும் நிற்காவிட்டாலோ பொது மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள்.

முடி கொட்டும் அதே மாதங்களில் சிலருக்குத் தைராய்டு அழற்சியும் வரும். படபடப்பு, கை நடுக்கம், அல்லது தூங்கி எழுந்தும் தீராத சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தால் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் அதைத் தேநீரோடு விழுங்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் எடுக்குமுன் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது தைராய்டு பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். பால் கொடுக்கும் காலத்தில் மினாக்ஸிடில் போன்ற முடி வளர்ச்சி மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கித் தடவ வேண்டாம்.