யூடியூப் ஹேண்டிலை மாற்றுகிறீர்களா? பழைய இணைப்புக்கு ஆயுள் 14 நாள்தான்

மாடித்தோட்டம் பற்றி வீடியோ போடும் நண்பர் ஒருவர் தன் யூடியூப் சேனலின் ஹேண்டிலை மாற்றினார். அன்று மாலையே பழைய இணைப்பைத் தட்டிப் பார்த்தார். சேனல் பக்கம் சரியாகத் திறந்தது. 'பழசும் வேலை செய்யுது, அப்புறம் என்ன?' என்று விட்டுவிட்டார். மூன்றாவது வாரம், அவர் விதைக் கவரில் அச்சடித்திருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தவர்களுக்குப் பக்கமே வரவில்லை.

முதல் நாள் சோதித்துவிட்டு நிம்மதியானதுதான் அவர் செய்த தவறு. ஹேண்டில் என்பது @ குறியோடு தொடங்கும் முகவரி. அதை மாற்றினால் பழையதை யூடியூப் 14 நாள் உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கும். அதுவரை பழைய முகவரி, புதிய முகவரி இரண்டுமே உங்கள் சேனலுக்கு வரும். மனம் மாறினால் பழையதற்கே திரும்பிவிடவும் செய்யலாம். அதன்பின் அந்த ஹேண்டிலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இணைப்பு செத்துப்போவதைவிட இதுதான் மோசம்: வேறொருவர் எடுத்துவிட்டால், பிறர் தங்கள் தளத்தில் ஒட்டி வைத்த உங்கள் பழைய முகவரி அவருடைய சேனலுக்குக் கூட்டம் சேர்க்கும்.

அச்சடிக்கும் எதிலும் ஹேண்டில் முகவரியைப் போடாமல் சேனல் ஐடி உள்ள முகவரியைப் போடுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் பெயரோ ஹேண்டிலோ எத்தனை முறை மாறினாலும் அது மாறாது. கியூஆர் கோடுக்குள் இருக்கும்போது அழகை யார் பார்க்கப் போகிறார்கள்? கணக்கின் மேம்பட்ட அமைப்புகளில் UC என்று தொடங்கும் ஐடி இருக்கும். முகவரி இப்படி அமையும்:

```
https://www.youtube.com/channel/UC...
```

வீடியோ இணைப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவற்றில் வீடியோவின் ஐடிதான் இருக்கிறது, ஹேண்டில் இல்லை. ஹேண்டில் மாறியதென்று பழைய வீடியோக்களை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால், பார்வைக் கணக்கும் கருத்துகளும்தான் போகும்.

சேனலின் பெயர் வேறு கதை. பெயரை மாற்றினால் எந்த இணைப்பும் அறுந்து போகாது, அடி விழுவது தேடலில். பழைய பெயரை மனதில் வைத்திருப்பவர் அதையேதான் தட்டச்சு செய்வார். கூகுளிலும் தேடுபொறி உங்கள் பக்கத்தை மறுபடி வந்து படிக்கும் வரை பழைய பெயரே தெரியலாம். சேனல் விளக்கத்தின் முதல் வரியில் 'முன்பு இந்தப் பெயரில்' என்று பழைய பெயரைச் சில மாதங்களாவது வைத்திருங்கள். சரிபார்ப்புக் குறி வாங்கியவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். பெயரை மாற்றினால் அந்தக் குறி போய்விடும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஹேண்டிலை மட்டும் மாற்றினால் குறி அப்படியே இருக்கும்.

போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் மாற்றுவோம் என்று இறங்காதீர்கள். பெயரானாலும் ஹேண்டிலானாலும் 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். முதல் முறை எழுத்துப்பிழையோடு போட்டு இரண்டாவதில் திருத்தினால், அந்த இரண்டு வாரத்துக்கு வேறு மாற்றம் கிடையாது.