பெரியவர்கள் மனம் நோகாமல் ‘அன்பளிப்பு வேண்டாம்’ என்று அழைப்பிதழில் எழுதுவது எப்படி?

‘அன்பளிப்புகளைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும்.’ திருமண அழைப்பிதழின் அடியில் இந்த வரியைப் போடுகிறவர்களின் நோக்கம் நல்லதுதான். வருகிறவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நினைக்கிறார்கள். ஆனால், வீட்டில் மூத்தவர் ஒருவர் அதைப் படிக்கும்போது அவர் காதில் விழுவது வேறு. அவர் கொடுக்கும் பொருள் அவருடைய ஆசியின் ஒரு பகுதி. அதைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொன்னால், ஆசியையே வாசலில் நிறுத்தியதுபோல அவருக்குப் படுகிறது.

இதில் முதல் தவறு ‘தவிர்க்கவும்’ என்ற வினையில் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் எழுதும் ஏவலை, வயதில் இளையவர்கள் மூத்தவரிடம் சொல்கிறார்கள். முன்னால் ‘கண்டிப்பாக’ சேர்ந்தால் அது அதட்டலாகிவிடுகிறது. ‘ஏற்கப்படமாட்டாது’ என்பது அதைவிட மோசம். சொல்கிறவர் யார் என்பதே தெரியாத அலுவலக மொழி அது. அழைப்பிதழ் பெற்றோர் பெயரில் போகிறது என்றால் இந்த வரியும் அவர்கள் குரலிலேயே வர வேண்டும். விருந்தினர் என்ன செய்யக் கூடாது என்பதை விட்டுவிட்டு, நமக்கு எது வேண்டும் என்பதில் தொடங்குங்கள்:

‘தங்கள் வருகையும் நல்லாசியுமே எங்களுக்கு நிறைவு. வேறு அன்பளிப்பு எதுவும் வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’

இங்கே ‘வேறு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வருகையும் ஆசியும் ஏற்கெனவே அன்பளிப்பாகிவிட்டன, அவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை என்ற பொருளை அதுதான் தருகிறது. பலர் எழுதும் ‘ஆசி மட்டும் போதும்’ என்பதில் குற்றமில்லை என்றாலும், ‘போதும்’ சற்று வெடுக்கென்று ஒலிக்கும். ‘நிறைவு’ என்பதில் அந்த வெடுக்கு இல்லை.

இடமும் முக்கியம். கட்டம் கட்டி, தடித்த எழுத்தில், அழைக்கும் வாசகத்துக்கு மேலே போட்டால் அழைப்பைவிட மறுப்பு பெரிதாகத் தெரியும். நாள், நேரம், இடம், அழைப்பவர் பெயர் எல்லாம் முடிந்த பிறகு, மற்ற வரிகளின் அதே அளவில் வருவதுதான் முறை.

பணமாகக் கொடுத்தால் நல்லது என்று சொல்ல வேண்டியிருக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘பொருட்கள் வேண்டாம், ரொக்கமாகத் தரவும்’ என்று அச்சிட்டால், கேட்காமல் கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்கியதாகிவிடும். வங்கிக் கணக்கு எண்ணையோ க்யூஆர் குறியீட்டையோ அழைப்பிதழிலேயே அச்சிடுவதைப் பெரியவர்கள் எளிதில் மறப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. மணமக்கள் திருமணம் முடிந்ததும் வெளிநாட்டில் குடியேறப் போகிறார்கள். பெரிய பொருட்களைக் கொண்டுபோக வழியில்லை. இந்தக் காரணத்தை மட்டும் சொன்னால் போதும்:

‘மணமக்கள் விரைவில் வெளிநாட்டில் குடியேறவிருப்பதால், பொருட்களை உடன் எடுத்துச் செல்ல இயலாத நிலையில் உள்ளனர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

பணம் என்ற சொல்லே இதில் இல்லை. படிக்கிறவரே முடிவு செய்துகொள்வார், கொடுக்காமல் இருக்கவும் அவருக்கு இடமிருக்கிறது. காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். உறவுக்குள் பொய்க் காரணம் நெடுநாள் நிற்காது. இப்படி எழுதினாலும் சிலர் பொருளோடு வரத்தான் செய்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள். ‘என்ன கொடுக்கலாம்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வீட்டில் ஒருவரை முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். கணக்கு எண் அவரிடமிருந்து, கேட்டவருக்கு மட்டும் போகட்டும்.

எவ்வளவு அழகாக எழுதினாலும் அச்சில் வந்த வரி எல்லாருக்கும் பொதுவானது. அலுவலக நண்பருக்கும் பாட்டிக்கும் ஒரே வாசகம் போகிறது என்பதே பாட்டிக்கு உறுத்தலாக இருக்கும். ஆகவே அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே குடும்பத்தின் மூத்தவர்களிடம் வரியைப் படித்துக் காட்டுங்கள். அழைப்பிதழை நேரில் கொடுக்கும்போது, ‘பாட்டி, இது வெளியில் உள்ளவர்களுக்காகப் போட்டது. உங்கள் கையால் எது கொடுத்தாலும் எங்களுக்கு ஆசிதான்’ என்று வாயால் சொல்லிவிடுங்கள். அச்சிட்ட இரண்டு வரிகளால் முடியாததை இந்த ஒரு பேச்சு செய்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் விழாவன்று ஒரு பெரியவர் உறையை நீட்டினால், ‘அழைப்பிதழில்தான் போட்டிருந்தோமே’ என்று பலர் முன்னிலையில் மறுக்காதீர்கள். எழுதியதற்கு மாறாகிவிடுமே என்று தயங்கவும் வேண்டாம். இரு கைகளாலும் வாங்கி வணங்குங்கள். வாங்கியதை மறுநாள் திருப்பி அனுப்புவது, வேண்டாம் என்று எழுதியதைவிடப் பெரிய அவமதிப்பு.