நகைச்சீட்டுத் தவணையையும் போனஸ் தவணையையும் கணக்கில் எழுதுவது எப்படி? வாங்குபவர் பக்கமும் கடைப் பக்கமும்

ஒரு சிறிய நகைக்கடையில் சில வருடங்கள் கணக்கு எழுதினேன். வீட்டிலோ சித்தியின் நகைச்சீட்டுக் கணக்கும் என் பொறுப்புதான். ஒரே பணத்தை இரண்டு நோட்டுகளில், இரண்டு பக்கத்திலிருந்து எழுதிப் பழகியதால், புதிதாகத் தொடங்குபவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று தெரியும். தவணைகளைப் பெரும்பாலும் எல்லாரும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். போனஸை எப்போது, எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் குழப்பம் வருகிறது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மாதம் 5,000 ரூபாய், 11 தவணை. முதல் தவணை ஆகஸ்ட் 10, கடைசித் தவணை ஜூன் 10. பதினோரு தவணையும் தவறாமல் கட்டினால், பன்னிரண்டாவது தவணையான 5,000 ரூபாயைக் கடை போனஸாகத் தரும். அதை நகையாகத்தான் வாங்க முடியும், பணமாகத் தரமாட்டார்கள்.

தொடங்கும் முன்: இது என்ன கணக்கு?

பெயரில் சீட்டு இருந்தாலும் இது ஏலச்சீட்டு அல்ல. இதில் ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, உறுப்பினர்களுக்குள் பணம் சுற்றுவதும் கிடையாது. பின்னால் வாங்கப்போகும் நகைக்கு முன்கூட்டியே கட்டும் பணம், அதாவது முன்பணம். தவணைகள் பதினொன்றோடு நிற்பதற்கும் இதுதான் காரணம். நிறுவனச் சட்டத்தின் 2014ஆம் ஆண்டு வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக ஒரு நிறுவனம் வாங்கும் முன்பணம் 365 நாட்களுக்குள் அந்தப் பொருளுக்கு ஈடு செய்யப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் நிலை வரும். நம் கணக்கில் ஆகஸ்ட் 10 அன்று கட்டிய முதல் தவணைக்கு, அடுத்த ஆகஸ்ட் 10க்குள் நகை வாங்கிவிட வேண்டும். கடைசித் தவணைக்குப் பிறகு கிடைக்கும் அவகாசம் இரண்டு மாதம்தான்.

முதல் படி: இரண்டு பக்கமும் ஒரே பெயரில் கணக்கு

உங்கள் நோட்டில் "நகைச்சீட்டு முன்பணம்" என்று ஒரு பக்கம் திறந்து, அட்டையில் உள்ள சீட்டு எண்ணை மேலே எழுதுங்கள். கடையின் பேரேட்டிலும் அதே பெயரில், அதே சீட்டு எண்ணில் ஒரு கணக்கு இருக்கும். உங்களுக்கு அது சொத்து, ஏனென்றால் கடை உங்களுக்குத் தர வேண்டிய பணம் அது. கடைக்கு அது பொறுப்பு.

வீட்டுக் கணக்கில் பலர் இதை "நகை வாங்கிய செலவு" என்று மாதாமாதம் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், நகை வாங்கும் நாளில் முழு பில்லையும் மறுபடி செலவாக எழுதி, ஒரே பணத்தை இரண்டு முறை செலவு காட்ட நேரும். கடைப் பக்கம் இதே தவறு தவணையை விற்பனையில் சேர்ப்பதாக வரும். நகை இன்னும் பெட்டியில்தானே இருக்கிறது? அது கைமாறும் வரை விற்பனை இல்லை.

இரண்டாம் படி: மாதத் தவணை

ஒவ்வொரு மாதமும் எழுத வேண்டிய பதிவு இவ்வளவுதான். பற்றை "ப" என்றும் வரவை "வ" என்றும் சுருக்கியிருக்கிறேன்.

உங்கள் நோட்டில்:
நகைச்சீட்டு முன்பணம் – ப 5,000
வங்கி – வ 5,000

கடையில்:
வங்கி – ப 5,000
நகைச்சீட்டு முன்பணம் (சீட்டு எண்) – வ 5,000

இதில் ஜிஎஸ்டி வராது. பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு, அதை வாங்கும் நேரத்தில் வரி கட்டத் தேவையில்லை என்று 2017 நவம்பர் 15 அறிவிக்கை சொல்கிறது. கடை தர வேண்டியது ரசீது, வரி பில் அல்ல. தவணை ரசீதில் ஜிஎஸ்டி பிடித்திருந்தால் உடனே கேளுங்கள்.

கிராம் கணக்கில் வரவு வைக்கும் திட்டமென்றால் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். அன்றைய விலை கிராமுக்கு 9,000 என்றால், 5,000 ரூபாய்க்கு 0.555 கிராம் என்று அதில் ஏறும். ரூபாய்ப் பத்தியை அப்போதும் விடக்கூடாது, பேரேடு ரூபாயில்தான் பேசும்.

மூன்றாம் படி: மாதம் ஒருமுறை ஒப்பிடுவது

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். காரணம் சித்தியின் சீட்டு.

சித்தி ஒரு கடையில் இரண்டு சீட்டு போட்டிருந்தார், ஒன்று தன் பெயரில், இன்னொன்று மகள் பெயரில். இரண்டுக்கும் பணம் அவருடைய ஒரே யுபிஐயிலிருந்துதான் போகும். ஜனவரித் தவணையை எழுத உட்கார்ந்தபோது அட்டைகளைப் பார்த்தேன். சித்தியின் அட்டையில் ஐந்து முத்திரை, மகளின் அட்டையில் ஏழு. என் நோட்டிலோ இரண்டிலும் ஆறு. "ரெண்டுக்கும் ஒரே நாள்லதானேப்பா அனுப்புனேன்" என்றார் சித்தி. வங்கிப் பட்டியலிலும் ஒரே நாளில் 5,000, 5,000 என்று இரண்டு வரிகள் இருந்தன. கடையில் இரண்டையும் மகளின் சீட்டு எண்ணிலேயே வரவு வைத்துவிட்டார்கள்.

இந்தத் தவறைக் கடையின் இருப்பாய்வு ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. வங்கியில் 10,000 வந்தது, முன்பணக் கணக்குகளின் மொத்தத்தில் 10,000 ஏறியது, பற்றும் வரவும் சமம். எந்த எண்ணில் ஏறியது என்பது மட்டும்தான் தவறு. அதைப் பிடிக்க வாங்குபவரின் நோட்டும் கடையின் பேரேடும் அருகருகே வர வேண்டும். கவனிக்காமல் விட்டிருந்தால் சித்தியின் சீட்டில் ஒரு தவணை தவறியதாகி, அந்த போனஸ் போயிருக்கும். இரண்டு யுபிஐ பரிவர்த்தனை எண்களையும் காட்டியதும், கடையில் ஒரே வரியில் மாற்றுப் பதிவு போட்டார்கள்: மகளின் சீட்டு ப 5,000, சித்தியின் சீட்டு வ 5,000.

ஒப்பிடுவது எளிது. இருப்பை 5,000ஆல் வகுத்தால் கட்டிய தவணைகளின் எண்ணிக்கை மிச்சமின்றி வர வேண்டும். அது அட்டையில் உள்ள முத்திரைகளோடு ஒத்துப்போக வேண்டும். கடையில் இருப்பவர்கள் இதைச் சீட்டு எண் வாரியாகச் செய்ய வேண்டும், மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. யுபிஐயில் அனுப்பும்போது குறிப்பில் சீட்டு எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான்காம் படி: மார்ச் 31

நம் கணக்கில் ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டுத் தவணை, 40,000 ரூபாய். கடையின் இருப்புநிலைக் குறிப்பில் அது பொறுப்புப் பக்கம் நிற்கும், உங்கள் கணக்கில் சொத்துப் பக்கம்.

போனஸில் பாதியை இப்போதே எழுதிவிடலாமா என்று கடைகளில் புதியவர்கள் கேட்பார்கள். நான் எழுதமாட்டேன். போனஸ் என்பது நகையின் விலையில் தரும் குறைப்பு, அந்த விற்பனையோ இன்னும் நடக்கவில்லை. எத்தனை சீட்டுகள் ஓடுகின்றன, எல்லாம் முடிந்தால் எவ்வளவு போனஸ் தர வேண்டியிருக்கும் என்பதைத் தனித் தாளில் பட்டியலிட்டு முதலாளியிடம் கொடுத்துவிடுவேன். பேரேட்டில் அது ஏறாது.

ஐந்தாம் படி: நகை வாங்கும் நாள்

ஜூலை 15. முன்பண இருப்பு 55,000. கணக்குக்காகக் கிராம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். 6 கிராம் சங்கிலிக்கு 54,000, செய்கூலி சேதாரம் 6,000, ஆக 60,000. ஹால்மார்க் கட்டணத்தை எளிமைக்காக விட்டுவிட்டேன். நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம்.

போனஸ் பில்லில் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பாருங்கள். வரிக்கு முன்னால் தள்ளுபடியாக வந்தால்:

நகை மதிப்பு 60,000
சீட்டுத் தள்ளுபடி 5,000
வரிக்கான மதிப்பு 55,000
ஜிஎஸ்டி 1,650
மொத்தம் 56,650
முன்பணம் கழித்து நீங்கள் தர வேண்டியது 1,650

வரிக்குப் பின்னால், கட்டிய பணத்தோடு சேர்த்துக் கழித்தால்:

நகை மதிப்பு 60,000
ஜிஎஸ்டி 1,800
மொத்தம் 61,800
முன்பணம் 55,000, போனஸ் 5,000 கழித்து நீங்கள் தர வேண்டியது 1,800

150 ரூபாய் வித்தியாசம், அதாவது போனஸுக்கான 3 சதவீத வரி. விற்கும்போதே பில்லில் காட்டிய தள்ளுபடியை வரிக்கான மதிப்பிலிருந்து கழிக்க ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு இடம் தருகிறது. பில்லில் தள்ளுபடி என்று எழுதாமல், போனஸைக் கட்டிய பணமாகக் காட்டினால் அந்தச் சலுகை கிடைக்காது. சீட்டு சேரும்போதே எந்த முறையில் பில் போடுவார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

முதல் முறைப்படி கடையின் பதிவு:
நகைச்சீட்டு முன்பணம் – ப 55,000
வங்கி – ப 1,650
விற்பனை – வ 55,000
மத்திய ஜிஎஸ்டி – வ 825
மாநில ஜிஎஸ்டி – வ 825

வருடத்தில் எவ்வளவு போனஸ் கொடுத்தோம் என்று முதலாளி பார்க்க விரும்பினால், விற்பனையை வ 60,000 என்றும், "சீட்டுத் தள்ளுபடி" ப 5,000 என்றும் பிரித்து எழுதலாம். வரி மாறாது.

உங்கள் பதிவு:
நகை – ப 56,650
நகைச்சீட்டு முன்பணம் – வ 55,000
வங்கி – வ 1,650

உங்கள் பக்கம் போனஸுக்குத் தனிப் பதிவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 5,000 ரூபாயை வருமானமாக எழுதி, நகையை 61,650க்கு ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கையிலிருந்து போனது 56,650தான். பின்னால் அந்தச் சங்கிலியை விற்கும்போது வாங்கிய விலை என்று நிற்க வேண்டியதும் அதுவே. இரண்டாம் முறையில் பில் வந்தால் 61,800லிருந்து 5,000ஐக் கழித்து, 56,800 என்று எழுதுங்கள்.

இடையில் நிறுத்தினால்

ஏழு தவணையோடு நிறுத்தி, கடை 35,000 ரூபாயைத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் முன்பணம் ப 35,000, வங்கி வ 35,000. உங்கள் நோட்டில் வங்கி ப, முன்பணம் வ. அவ்வளவுதான்.

ஆனால் சில கடைகளில் கடைசித் தவணை விழுந்த அன்றே போனஸை வாடிக்கையாளரின் முன்பணக் கணக்கில் வரவு வைத்து, இருப்பை 60,000 ஆக்கிவிடுகிறார்கள். நகை எடுக்காமல் ஒருவர் தான் கட்டிய 55,000ஐ மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போனால், யாருக்கும் தர வேண்டியிராத 5,000 ரூபாய் அந்தக் கணக்கில் வருடக்கணக்கில் தொங்கும். பழைய சீட்டுப் பட்டியலில் இருப்பு சரியாக ஒரே ஒரு தவணைத் தொகையாக நின்றால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். போனஸ் ஏறிய பதிவு கிடைத்தால் அதைத் தலைகீழாகத் திருப்பி எழுதினால் போதும்.

நகை எடுத்த அன்று கவுண்ட்டரை விட்டு நகரும் முன், அட்டையில் "கணக்கு முடிந்தது" என்று முத்திரை வாங்கி, பில்லில் உங்கள் சீட்டு எண்ணும் 55,000 முன்பணமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து நோட்டில் அந்தப் பக்கத்தின் இருப்பைப் போடுங்கள். பூஜ்யம் வர வேண்டும், அதே நாளில் கடையின் பேரேட்டிலும் அந்த எண்ணுக்கு எதிரே பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.